“இதுதான் மோசம், அங்க பரவாயில்ல”: சுருக்கம் எழுதும் முன் சுட்டுச் சொற்களைத் தீர்ப்பது எப்படி?

ஒரு கூட்டத்தின் டிரான்ஸ்கிரிப்டைச் சுருக்கி மினிட்ஸ் எழுதும் வேலையைப் பல வருடமாகச் செய்கிறேன். பிழை பெரும்பாலும் கடினமான சொல்லில் வருவதில்லை. ‘இது’, ‘அங்க’, ‘முன்னாடி பேசின மாதிரி’ போன்ற, யாருக்கும் சந்தேகம் வராத சுட்டுச் சொற்களில்தான் வருகிறது. பேசியவர் கையை நீட்டிக் காட்டியிருப்பார். கேட்டவர் அதைப் பார்த்திருப்பார். நம் கையில் இருக்கும் எழுத்தில் அந்தக் கை இல்லை. அந்தச் சொல் எதைக் காட்டியது என்று கண்டுபிடிப்பதைத்தான் ‘தீர்ப்பது’ என்கிறேன்.

ஒரு துண்டை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம். இரண்டு பிளாக், மொத்தம் 12 வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பு. மொட்டை மாடியில் தட்டோடு பெயர்ந்து, மழைத் தண்ணீர் கீழே கசிகிறது. ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை காலை சங்கச் செயலாளர், பொருளாளர், காண்ட்ராக்டர், குடியிருக்கும் ஒரு அம்மா ஆகியோர் கீழே உட்கார்ந்து பேசிவிட்டு மாடிக்குப் போகிறார்கள். 41 நிமிடப் பதிவில் 49 வினாடிகள் இவை:

[22:10] செயலாளர்: இதுதான் ரொம்ப மோசம். அங்க பரவாயில்ல.

[22:16] காண்ட்ராக்டர்: இதை மொத்தமா உடைச்சு எடுத்துட்டுத்தான் போடணும். அது அப்படியே இருக்கட்டும், பேட்ச் போட்டா போதும்.

[22:31] பொருளாளர்: முன்னாடி பேசின ரேட்தானே?

[22:34] காண்ட்ராக்டர்: ஆமா சார், அதே ரேட். ஆனா இது அதுல வராது.

[22:41] செயலாளர்: சரி.

[22:43] குடியிருப்பவர்: எங்க வீட்டுக்கு மேலயும் அதே மாதிரிதான் இருக்கு. அதையும் சேர்த்துக்கோங்க.

[22:52] காண்ட்ராக்டர்: சேர்த்துக்கலாம்மா. நாம அடுத்த வெள்ளிக்கிழமை ஆரம்பிச்சுடலாம்.

[22:59] பொருளாளர்: அவங்ககிட்ட அன்னைக்கே சொல்லியாச்சு.

அவசரமாக எழுதினால் சுருக்கம் இப்படி வரும்: “பழைய ரேட்டிலேயே மாடித் தளத்தை உடைத்துப் புதிதாகப் போட காண்ட்ராக்டர் ஒப்புக்கொண்டார். செயலாளர் சம்மதித்தார். வேலை 14-ஆம் தேதி தொடங்கும்.” படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த மூன்று வாக்கியங்களில் ஒன்றுகூட இந்தப் பேச்சிலிருந்து நிரூபிக்கக்கூடியது அல்ல.

படி 1: எழுதத் தொடங்கும் முன் நான்கு விவரங்கள்

பதிவு எந்தத் தேதியில், எத்தனை மணிக்குத் தொடங்கியது. யார் யார் இருந்தார்கள், யார் எந்த வீடு. எந்த இடத்தில் நின்று பேசினார்கள், இடம் மாறினார்களா. அவர்கள் முன்னால் என்ன காகிதம், என்ன படம் இருந்தது. இந்த நான்கையும் டிரான்ஸ்கிரிப்டின் தலைப்பில் எழுதிவிடுங்கள். முந்தைய கூட்டத்தின் மினிட்ஸையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொடங்கிய மணி எதற்கு என்றால், அன்று யாராவது போனில் படம் எடுத்திருப்பார்கள். நம் பதிவு காலை 10:05-க்குத் தொடங்கியது. 22:10 என்ற இடம் கடிகாரத்தில் 10:27. செயலாளரின் போனில் 10:27-க்கு எடுத்த ஒரு படம் இருந்தால், அவர் ‘இதுதான்’ என்று எதைக் காட்டினார் என்பது அநேகமாக அதில் இருக்கும். ஆனால் பதிவை நடுவில் நிறுத்தித் தொடங்கியிருந்தால் இந்தக் கணக்கு தவறிப்போகும். அதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: யார் பேசினார் என்பதை முதலில் சரிபாருங்கள்

‘நான்’, ‘எங்க வீடு’, ‘நாங்க பார்த்துக்கறோம்’ எல்லாம் பேசுபவரைப் பொறுத்தே பொருள்படும். பெயர் மாறிப் பதிவானால் மீதி எல்லாம் மாறும். அதனால் சுட்டுச் சொற்கள் உள்ள இடங்களையாவது ஒலியோடு வைத்து ஒருமுறை கேட்டுவிட வேண்டும்.

கேட்கும்போது எழுத்துப் பிழையும் பிடிபடும். பேச்சில் ‘எங்க’ என்பது ‘எங்கள்’ என்றும் ஆகும், ‘எங்கே’ என்றும் ஆகும். 22:43-இல் இருப்பது ‘எங்கள் வீடு’. ‘இங்க’ என்பதும் ‘எங்க’ என்பதும் இரைச்சலில் ஒன்றுபோல விழும். யாழ்ப்பாணத் தமிழ்ப் பதிவு என்றால் இன்னும் கவனம் வேண்டும். அ, இ, உ என்று மூன்று சுட்டெழுத்துகளை இலக்கணத்தில் படித்திருப்போம். தமிழ்நாட்டுப் பேச்சில் உ போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் ‘உது’, ‘உங்கை’, ‘உவர்’ இன்றும் புழங்குகின்றன, பெரும்பாலும் கேட்பவர் பக்கத்தில் இருப்பதைக் காட்ட. தமிழ்நாட்டுக் காது அதை ‘இது’ என்றோ ‘அது’ என்றோ எழுதிவிடும். பேசியவர் தானாகவே கொடுத்த ஒரு துப்பு அங்கே அழிந்துபோகிறது.

படி 3: மூலத்தைத் தொடாமல், நகலில் குறியிடுங்கள்

மூல டிரான்ஸ்கிரிப்டில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். நகல் எடுத்து, ஒவ்வொரு சுட்டுச் சொல்லுக்கும் பக்கத்தில் சதுர அடைப்புக்குறி வைத்து எழுதுங்கள். சொல்லை நீக்கிவிட்டு அதன் இடத்தில் பெயரைப் போடுவது பெரிய தவறு. நாளைக்கு நம் ஊகம் தப்பு என்று தெரிந்தால், எது அவர் சொன்னது, எது நாம் சேர்த்தது என்று பிரிக்க முடியாது.

குறியிடும்போது ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் காட்டுகிறது என்று பாருங்கள். கண்ணுக்கு முன்னால் இருப்பதையா, இப்போது பேசிக்கொண்டிருந்ததையா, இந்தப் பதிவுக்கு வெளியே முன்பு நடந்ததையா? எங்கே தேட வேண்டும் என்பது இதைப் பொறுத்தது. நான் பார்த்தவரை, இடத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே பேசும் பதிவில் ‘இது’ பெரும்பாலும் கண்ணுக்கு முன்னால் இருப்பதையும், ‘அது’ பெரும்பாலும் பேச்சில் வந்துபோனதையும் காட்டுகிறது. இதை விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முதலில் எங்கே தேடுவது என்பதற்கு மட்டும் உதவும்.

வெறும் இட்டுநிரப்பலாக வருபவையும் உண்டு. ‘அது வந்து’, ‘அந்த… இது’, ‘என்னன்னா இது’ போன்றவை. சொல்லை எடுத்துவிட்டு வாக்கியத்தைப் படியுங்கள். பொருள் குறையவில்லை என்றால் விட்டுவிடலாம். ஆனால் ‘அந்த இதைப் போட்டுடுங்க’ என்று வேற்றுமை உருபு ஏறிவிட்டால், பேசியவர் பெயர் மறந்த ஒரு பொருளைச் சொல்கிறார். அதைத் தீர்த்தே ஆக வேண்டும்.

எழுத்தில் இல்லாத சுட்டும் உண்டு. தமிழில் எழுவாயும் செயப்படுபொருளும் சொல்லாமலே வாக்கியம் நிற்கும். “உடைச்சு எடுத்துட்டுத்தான் போடணும்” என்பதில் எதைப் போடணும், யார் போடணும் இரண்டுமே இல்லை. “சொல்லியாச்சு” என்பதில் யார் சொன்னது, என்ன சொன்னது என்று எதுவும் தெரியவில்லை. இந்த வெற்றிடங்களுக்கும் [யார்?], [எதை?] என்று குறி போடுங்கள். இவற்றை விட்டுவிட்டால், சுருக்கம் எழுதும்போது கை தானாகவே ஒரு பெயரை நிரப்பிவிடும்.

படி 4: பேச்சுக்குள்ளேயே தேடுவது

நம் துண்டில் மிகச் சிக்கலான வாக்கியம் 22:34: “இது அதுல வராது.” நான்கு நொடியில் இரண்டு சுட்டு. ‘அதுல’ என்பது முந்தைய வாக்கியத்தில் வந்த ரேட்டைக் காட்டுகிறது, இதில் சிக்கல் இல்லை. ‘இது’ எது? கண்முன் இருக்கும் தளமா, 22:16-இல் சொன்ன உடைக்கும் வேலையா?

பின்னோக்கிப் போனால், கீழே உட்கார்ந்து பேசியபோது 07:30-இல் காண்ட்ராக்டர் “உடைக்கிற கூலி, குப்பை அள்ளுறது எல்லாம் தனி சார்” என்று சொல்லியிருக்கிறார். அப்படியானால் ‘இது’ உடைத்து அள்ளும் கூலி என்பது வலுவான ஊகம். ஊகம் என்றே எழுதுங்கள்: [இது = உடைக்கும் கூலி; ஊகம், ஆதாரம் 07:30]. எந்த நொடியிலிருந்து எடுத்தோம் என்பதைச் சேர்ப்பது முக்கியம். அது இல்லாவிட்டால் பிறகு நமக்கே நம் குறிப்பு புரியாது.

பின்னோக்கி மட்டும் தேடாதீர்கள். “இதைக் கேளுங்க” என்று தொடங்கினால் பொருள் இனிமேல்தான் வரும். வினைமுற்றின் விகுதியும் உதவும். ‘வந்தான்’, ‘வந்தார்’, ‘வந்துச்சு’ என்பதிலேயே பாதிப் பேர் கழிந்துவிடுவார்கள். ஆனால் ‘அவங்க வந்தாங்க’ என்பது மரியாதைக்குரிய ஒருவரா, பலரா என்று விகுதி சொல்லாது. சுருக்கத்தில் ‘அவர்கள்’ என்று எழுதினால் ஒருவர் பலராகிவிடலாம்.

‘நாம’, ‘நாங்க’ வேறுபாட்டை விட்டுவிடாதீர்கள். ‘நாங்க ஆரம்பிச்சுடறோம்’ என்றால் காண்ட்ராக்டரும் அவருடைய ஆட்களும். ‘நாம ஆரம்பிச்சுடலாம்’ என்றால் கேட்பவரையும் சேர்த்துக்கொண்டு, யோசனை சொல்லும் தொனி. 22:52-இல் அவர் சொன்னது இரண்டாவது. அதை “தொடங்குவதாக உறுதியளித்தார்” என்று எழுதினால் அவர் கொடுக்காத வாக்கை நாம் கொடுத்தவர்கள் ஆவோம்.

22:41-இல் வரும் ‘சரி’யும் ஒருவகையில் சுட்டுத்தான். எதற்குச் சரி? கூலி தனி என்பதற்கா, ‘கேட்டுக்கொண்டேன்’ என்பதற்கா? ஒலியைக் கேட்டால், தாழ்ந்த குரலில், நடந்துகொண்டே சொல்கிறார். அடுத்த நிமிடமும் அவர் கூலியைப் பற்றி எதுவும் பேசவில்லை. அதைச் சம்மதம் என்று எழுத எனக்குத் துணிவில்லை.

படி 5: கண்ணுக்கு முன்னால் இருந்ததைத் தேடுவது

‘இதுதான் ரொம்ப மோசம்.’ 21:48-இல் யாரோ “டேங்க் பக்கம் வாங்க” என்கிறார். கொஞ்ச நேரத்தில் டேங்கில் தண்ணீர் விழும் சத்தம் பதிவில் கேட்கிறது. மேல்நிலைத் தொட்டி ஏ பிளாக் மாடியில்தான் இருக்கிறது. செயலாளரின் போனில் கிடைத்த 10:27 படத்தில் தொட்டியின் அடியில் பெயர்ந்த தட்டோடு தெரிகிறது. மூன்றும் ஒன்றையே சொல்கின்றன. இதை உறுதி என்றே எழுதலாம்: [இது = ஏ பிளாக், தொட்டியை ஒட்டிய தளம்].

‘அங்க பரவாயில்ல’ என்பதில்தான் நான் ஏமாந்தேன். ஏ பிளாக் மாடியில் நின்று பார்த்தால் பி பிளாக் மாடி தெரியும். ‘அங்க’ என்றால் பி பிளாக் என்று தோன்றியது. அடுத்து அந்த அம்மா “எங்க வீட்டுக்கு மேலயும்” என்று சொன்னதும் ஒத்துப்போனது. அவர் வீடு பி பிளாக் இரண்டாம் மாடி. பி பிளாக் பரவாயில்லை என்று சொன்னதற்கு மறுப்புச் சொல்கிறார் என்றே எடுத்துக்கொண்டேன். கதை அழகாகப் பொருந்தியது. ஆனாலும் ஆதாரம் ஒன்றும் கையில் இல்லை என்பதால் செயலாளரைக் கேட்டேன். அவர் சொன்னது: ‘அங்க’ என்பது அதே ஏ பிளாக்கின் படிக்கட்டுப் பக்கம். அன்றைக்கு பி பிளாக் மாடிக்கு யாரும் போகவே இல்லை.

இதனால் ஒரு சொல் மட்டும் மாறவில்லை. 22:52-இல் “சேர்த்துக்கலாம்மா” என்றபோது காண்ட்ராக்டர் அந்தத் தளத்தைப் பார்க்காமலே சொல்லியிருக்கிறார். என் ஊகப்படி எழுதியிருந்தால், பி பிளாக்கைப் பார்த்து, பேட்ச் போதும் என்று முடிவு செய்ததாக மினிட்ஸில் ஏறியிருக்கும்.

கேட்கும் விதம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். “அங்க என்றது பி பிளாக்கைத்தானே?” என்று கேட்டால், வேலையாக இருப்பவர் “ஆமா ஆமா” என்று சொல்லிவிடுவார். “22:10-இல் ‘அங்க பரவாயில்ல’ என்றீர்கள், எந்த இடம்?” என்று அவருடைய வார்த்தையையே கொடுத்துக் கேளுங்கள். முடிந்தால் அந்தச் சில நொடி ஒலியையும் அனுப்புங்கள். கூட்டம் நடந்த மறுநாளுக்குள் கேட்டுவிடுவது நல்லது. ஒரு வாரம் போனால் அவரும் ஊகிக்கத் தொடங்குவார், அவருக்கே தெரியாமல்.

படி 6: “முன்னாடி பேசின மாதிரி”

இந்தச் சொற்றொடர் வரும் இடத்தில் பெரும்பாலும் பணமோ பொறுப்போ இருக்கும். இது மூன்று இடங்களைக் காட்டலாம்: இதே பதிவின் முற்பகுதி, முந்தைய கூட்டம், அல்லது பதிவே இல்லாத ஒரு போன் பேச்சு. மூன்றிலும் தேட வேண்டும். ஒன்றில் கிடைத்ததும் நிறுத்திவிடுவதுதான் வழக்கமான தவறு.

நம் வழக்கில் தேடினால் மூன்று ரேட் கிடைக்கிறது. மே மாத மினிட்ஸில் சதுர அடிக்கு 105 ரூபாய். இதே பதிவில் 06:12-இல் காண்ட்ராக்டர் “இப்ப 120 ஆகும் சார்” என்கிறார். 09:40-இல் பொருளாளர் “110-க்கு முடிச்சுக்கலாம்” என்கிறார், காண்ட்ராக்டர் “பார்க்கலாம் சார்” என்று விட்டுவிடுகிறார். பிறகு மாடியில் “முன்னாடி பேசின ரேட்தானே?” “ஆமா சார், அதே ரேட்.” இருவரும் ஒத்துக்கொண்டதாகத்தான் காதில் விழுகிறது. அவரவர் மனதில் எந்த எண் இருந்தது என்று டிரான்ஸ்கிரிப்ட் சொல்லாது. 105-க்கும் 120-க்கும் உள்ள வித்தியாசம், 600 சதுர அடி என்று வைத்துக்கொண்டால், 9,000 ரூபாய்.

கடைசியாகப் பேசிய எண்ணை எடுத்துக்கொள்ளலாமா என்று தோன்றும். கூடாது. 110 ஒருவர் கேட்ட விலைதான், இருவரும் ஒப்புக்கொண்ட விலை அல்ல. 105 எழுத்தில் இருக்கிறது, ஆனால் 06:12-இல் அதை ஒருவர் மறுத்துவிட்டார். இதைத் தீர்க்கும் உரிமை சுருக்கம் எழுதுபவருக்கு இல்லை. இருவரையும் தனித்தனியாக, ஒருவர் பதிலை இன்னொருவருக்குச் சொல்லாமல், “22:31-இல் சொன்ன ரேட் எவ்வளவு?” என்று கேட்க வேண்டும். கேட்டேன். பொருளாளர் 110 என்றார். காண்ட்ராக்டர் 120 என்றார்.

“போன தடவை முடிவு பண்ணின மாதிரி” என்று யாராவது சொன்னால் இன்னொன்றையும் பாருங்கள்: அப்படி முடிவு ஆனதா? பேசப்பட்டது பல நேரம் நினைவில் முடிவாக மாறிவிடும். மினிட்ஸில் ‘விவாதிக்கப்பட்டது’ என்று மட்டும் இருந்தால், அப்படியே எழுதுங்கள். முடிவு பிறகு மாறியிருந்தால் கடைசியாக இருப்பதைத் தேதியோடு எழுதுங்கள்.

படி 7: நாளும் பேரும்

கூட்டம் ஞாயிறு, ஜூன் 9. ‘வர்ற வெள்ளி’ என்றிருந்தால் ஜூன் 14 என்று எழுதலாம். ‘அடுத்த வெள்ளி’ என்பதைச் சிலர் 14 என்றும், சிலர் அதற்கு அடுத்த வாரமான 21 என்றும் சொல்வார்கள். இரண்டு தேதியையும் போட்டுக் கேளுங்கள். நாள் சம்பந்தமான சுட்டு எதையும் சுருக்கத்தில் விடவே கூடாது. ‘நாளைக்கு’ என்று எழுதிய மினிட்ஸை மூன்று வாரம் கழித்துத்தான் ஒருவர் படிப்பார்.

22:59-இல் ‘அவங்ககிட்ட அன்னைக்கே’ என்பதற்குப் பேச்சுக்குள் ஒரு துப்பும் இல்லை. பொருளாளரைக் கேட்டதில், வெளியூரில் இருக்கும் ஏ பிளாக் மேல்மாடி வீட்டின் உரிமையாளர் ஒருவர், மே மாதம் கசிவு தெரிந்த அன்றைக்கே போனில் சொன்னது என்று தெரிந்தது. ‘அவங்க’ ஒரே ஒருவர்தான்.

படி 8: தீராததைத் தீராததாகவே எழுதுவது

நகலில் எல்லாக் குறிகளுக்கும் மூன்றில் ஒரு நிலை இருக்க வேண்டும்: உறுதி, ஊகம், தெரியவில்லை. உறுதியானது சுருக்கத்தில் நேரடியாகப் போகும். ஊகம் போனால் ‘என்று தெரிகிறது’ என்ற வாலோடும் நேரக் குறிப்போடும் போகும். தெரியாதது தனி வரியாக, யார் பதில் சொல்ல வேண்டும் என்பதோடு போகும். தெரியாததை மௌனமாக விட்டுவிடுவதும் பிழைதான். படிப்பவர் அந்த விஷயமே எழவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

எல்லாச் சுட்டையும் தீர்க்க வேண்டியதில்லை. 41 நிமிடத்தில் நூற்றுக்கு மேல் வரும். பணம், அளவு, இடம், நாள், யார் செய்ய வேண்டும் என்பதைத் தொடும் சுட்டுகளை மட்டும் கடைசிவரை துரத்துங்கள். ‘அந்த மழை அன்னைக்கு’ என்பது எந்த மழை என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

எழுதி முடித்ததும் தலைகீழாக ஒருமுறை போங்கள். சுருக்கத்தில் உள்ள ஒவ்வொரு பெயர், எண், தேதிக்கும் விரல் வைத்து, ‘இது பதிவில் எந்த நொடி, அல்லது யாருடைய பதில்?’ என்று கேளுங்கள். பதில் இல்லாதது நம் கை சேர்த்தது. அப்படிச் சோதித்த பிறகு அந்த 49 வினாடிக்கு மினிட்ஸில் போன வரிகள்:

ஏ பிளாக் மாடியில் தொட்டியை ஒட்டிய தளத்தை முழுதும் உடைத்துப் புதிதாகப் போட வேண்டும், படிக்கட்டுப் பக்கம் பேட்ச் போதும் என்று காண்ட்ராக்டர் கருத்துச் சொன்னார் (22:16, ‘அங்க’ எந்த இடம் என்பது செயலாளரிடம் கேட்டு உறுதி செய்யப்பட்டது).

உடைத்து அள்ளும் கூலி இந்த ரேட்டில் சேராது என்று அவர் சொன்னதாகத் தெரிகிறது (22:34, 07:30). இதற்குச் சங்கத்தின் சம்மதம் பதிவாகவில்லை.

பி பிளாக் மேல்மாடி வீட்டுத் தளத்தையும் சேர்க்கும்படி அங்கே குடியிருப்பவர் கேட்டார். சேர்த்துக்கொள்ளலாம் என்று காண்ட்ராக்டர் சொன்னார் (22:52). அந்தத் தளம் அன்று பார்க்கப்படவில்லை.

ஏ பிளாக் மேல்மாடி வீட்டின் உரிமையாளருக்கு மே மாதமே போனில் தகவல் சொல்லப்பட்டதாகப் பொருளாளர் தெரிவித்தார் (22:59).

முடிவாகாதவை: சதுர அடி ரேட் (பொருளாளர் 110, காண்ட்ராக்டர் 120), தொடங்கும் நாள் (ஜூன் 14 அல்லது 21, காண்ட்ராக்டர் சொல்ல வேண்டும்).